எட்டு என்ற எண் மரகதத்தைக் காப்பாற்றாது

நான்கு ஆண்டுகளுக்கு முன், கருத்தரங்கு ஒன்றுக்காக ஜெய்ப்பூர் சென்றபோது அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே ஒரு கடையில் அவர் நவரத்தின மோதிரம் ஒன்றை வாங்கினார். விற்பனையாளர் ஓர் அட்டையை நீட்டினார். ஒன்பது கற்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஹார்ட்னஸ்’ என்ற தலைப்பின்கீழ் ஓர் எண்ணும் அதில் இருந்தன. மரகதத்துக்கு நேரே 8 என்று இருந்ததைச் சுட்டிக்காட்டி, “மஜ்பூத் கல், மாதாஜி, தினமும் போடலாம்” என்றார். முத்துக்கு நேரே 3 என்றும் அதே அட்டையில் இருந்தது. அதை அவர் வாசித்துக் காட்டவில்லை.

சென்ற மாதம் அந்த மோதிரத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸின்கீழ் வைத்துப் பார்த்தேன். மாணிக்கம், நீலம், புஷ்பராகம், வைடூரியம், வைரம் ஆகிய ஐந்தும் வாங்கிய நாளில் இருந்தவாறே இருந்தன. கோமேதகத்தின் பட்டை விளிம்புகள் மழுங்கியிருந்தன. முத்து ஒளியிழந்து சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்தது. பவளத்தில் நுண்குழிகள் விழுந்திருந்தன. அட்டையில் எட்டு பெற்ற மரகதமோ ஒரு மூலை தெறித்து, உள்ளே வெண்கோடு ஓடிக் கிடந்தது.

அட்டை பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்காத ஒரு கேள்விக்கு அது சரியான விடை தந்தது. என் சினம் இந்த ஏமாற்றின் மீதுதான்.

அந்த எண் 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலிலிருந்து வருவது. அவர் கேட்டது ஒரே கேள்வி: எது எதைக் கீறும்? மாக்கல் வகையான டால்க் முதலிடத்திலும் வைரம் பத்தாமிடத்திலும் நிற்க, இடையே குவார்ட்ஸ் ஏழாகவும், மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கொரண்டம் ஒன்பதாகவும் நிற்கின்றன. இது வரிசை எண் மட்டுமே. வகுப்பில் முதலிடம், இரண்டாமிடம் என்று சொன்னால் இருவருக்கும் இடையே எத்தனை மதிப்பெண் வேறுபாடு என்பது தெரியாதல்லவா? அதைப்போலத்தான் இதுவும். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே எண்ணில் ஒரு படிதான். ஆனால் கருவிகொண்டு அளந்தால் வைரம் கொரண்டத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது.

இந்த வரிசையில் அணிபவருக்கு உண்மையில் பயன்படும் எண் ஏழு. வீட்டுத் தூசியிலும் தெருப் புழுதியிலும் நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. ஏழுக்குக் கீழான எந்தக் கல்லையும் உலர்ந்த துணியால் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அத்துகள்கள் கீறுகின்றன. ஏழை ஒட்டி நிற்கும் கோமேதகம் மெல்ல மழுங்கியதும், ஒன்பதில் நிற்கும் மாணிக்கம் மழுங்காததும் இதனால்தான். இந்த அளவுக்கு மோஸ் அட்டவணை நம்பத்தக்கது.

ஆனால் மரகதம் கீறலால் கெடவில்லை, அடிபட்டுத் தெறித்தது. கீறலைத் தாங்குவது ஒரு பண்பு, அடியைத் தாங்குவது வேறொரு பண்பு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். தமிழில் ‘கடினம்’ என்கிறோம். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று, கோடரிக்கும் அசையாத மரத்துக்கு வைரத்தின் பெயரையே சூட்டியிருக்கிறோம். அந்தக் கட்டையை அடித்தால் அது தாங்கும். வைரத்தையோ சரியான தளத்தில் ஓர் அடியால் பிளக்கலாம், ஏனெனில் அதன் படிகத்தில் நான்கு திசைகளில் பிளவுத்தளங்கள் உள்ளன. கல்வெட்டுவோர் நெடுங்காலம் அவ்வாறு பிளந்துதான் வைரத்தைப் பட்டைக்குத் தயார் செய்தனர். இந்தியில் ‘மஜ்பூத்’ என்ற சொல்லும் இதே குழப்பத்தைச் சுமக்கிறது. விற்பனையாளர் கீறலுக்குரிய எண்ணைக் காட்டி, அடிக்குரிய உறுதியை வழங்கிவிட்டார்.

மரகதத்தின் எட்டு ஏன் உதவவில்லை? உள்விரிசல் இல்லாத மரகதம் மிக அரிது. அவ்விரிசல்களை மறைக்க எண்ணெயோ பிசினோ ஊட்டுவது வணிகத்தில் வழக்கமான நடைமுறை. வெந்நீர், சோப்பு, அடுப்பு வெப்பம் ஆகியவற்றால் நாளடைவில் எண்ணெய் வெளியேறுகிறது. அதன்பின் விரிசல் வெண்கோடாகத் தெரிகிறது, பாத்திரத்தின் விளிம்பில் ஒருமுறை இடித்தாலே மூலை தெறிக்கிறது. மரகதத்துக்கென்றே மூலை வெட்டிய செவ்வகப் பட்டை வழக்குக்கு வந்ததற்கும், கடையின் அதிர்வுத் தொட்டியில் அதைக் கழுவக்கூடாது என்பதற்கும் காரணம் இந்தப் பலவீனமே.

முத்தும் பவளமும் இதற்கு நேர்மாறானவை. முத்து எளிதில் உடையாது. அதன் நுண்ணடுக்குகள் அடியை நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டின் உடலும் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட். புளி கரைக்கும் கையிலும் எலுமிச்சை பிழியும் கையிலும் அந்த அமிலம் அவற்றை ஒவ்வொரு நாளும் சிறிது கரைக்கிறது. இந்த மூன்றாவது பண்புக்கு மோஸ் அட்டவணையில் இடமே இல்லை. அம்மாவின் முத்தைக் கெடுத்தது எங்கள் வீட்டுச் சாம்பார்தான்.

“எங்கள் பாட்டி ஐம்பது ஆண்டுகள் முத்து அணிந்தாரே” என்பார்கள். எங்கே அணிந்தார்? காதிலும் கழுத்திலும். காது பாத்திரம் தேய்ப்பதில்லை. கையணிகளின் கணக்கு வேறு. மேசையில் நாள்தோறும் இடிபடும் வளையலுக்குச் சீனர்கள் ஜேட் கல்லைத் தேர்ந்ததைப் பாருங்கள். அதில் ஒருவகையான நெஃப்ரைட் மோஸ் வரிசையில் ஆறு அல்லது ஆறரைதான், மரகதத்தைவிடக் கீழே. ஆனால் அதன் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அடியைத் தாங்குவதில் அதற்கு இணையான கல் அரிது. மெருகு சிறிது குறையலாம், வளையல் உடையாது. எட்டு தோற்ற இடத்தில் ஆறு வெல்கிறது.

நவரத்தினத்தின் மீதுள்ள நம்பிக்கையை நான் இங்கே விவாதிக்கவில்லை. நம்புகிறவருக்கும் கல் சிதையாமல் இருப்பதே தேவை. மூன்றிலிருந்து பத்துவரை விரியும் ஒன்பது கற்களை ஒரே மோதிரத்தில் பதித்து, ‘தினமும் போடலாம்’ என்று விற்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த ஒன்பதில் நாள்தோறும் கையில் வாழத்தக்கவை மாணிக்கம், நீலம், புஷ்பராகம், வைடூரியம், வைரம் ஆகிய ஐந்துதான். வைரத்திலும் கூர்மூலைகளைத் தங்க விளிம்பு மூடியிருப்பது நன்று. முத்துக்கும் பவளத்துக்கும் மரகதத்துக்கும் உரிய இடம் பதக்கமும் தோடும். கோமேதகம் இடைநிலை, சமையலறைக்கு முன் கழற்றிவிடலாம்.

அட்டையில் இன்னும் இரண்டு பத்திகள் அச்சிடுவதற்குக் கடைக்காரருக்குச் செலவு ஒன்றுமில்லை: அடியைத் தாங்குமா, அமிலத்தையும் வெப்பத்தையும் தாங்குமா என்பவை அவை. அச்சிடும்வரை நாமே கேட்போம். “ஹார்ட்னஸ் எவ்வளவு?” என்று கேட்டு நிறுத்த வேண்டாம். “இந்தக் கல்லில் எண்ணெய் ஊட்டப்பட்டிருக்கிறதா? கீழே விழுந்தால் என்னாகும்? புளி பட்டால் என்னாகும்?” என்றும் கேளுங்கள்.

அம்மாவின் மோதிரத்தைப் பதக்கமாக மாற்றக் கொடுத்திருக்கிறோம். தீ அருகே வருமுன் முத்தையும் பவளத்தையும் மரகதத்தையும் கழற்றிவிடுமாறு பட்டறையில் சொன்னேன். “அது எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார் பத்தர். பட்டறைக்குத் தெரிந்தது விற்பனை மேசைக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.