ஆறு வரி போதும், தோழர்களே!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நட்பு பற்றியும் அரியர் பற்றியும் எழுத ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நான் ஒரு மின்னஞ்சலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! இறுதியாண்டில் இருக்கும் நம்மில் பலபேர் இப்போது இரவு 11 மணிக்கு மேல் செய்கிற காரியம் அதுதான். நான் சொல்வது கம்பெனிக்கு அனுப்பும் பயோடேட்டாவை அல்ல. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவருக்கு, "உங்களிடம் உதவியாளர் வேலை ஏதும் காலியிருக்கிறதா?" என்று கேட்டு எழுதும் கடிதத்தைச் சொல்கிறேன்.

"டிப்ளமா படிச்சவனுக்கு ஆராய்ச்சிக்கூடத்துல என்னடா வேலை?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். இருக்கிறது தோழர்களே! மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் ஓர் உத்தரவு போட்டது. அதில் 'ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்' என்ற பதவிக்குத் தகுதி பி.எஸ்சி., அல்லது பொறியியலில் மூன்றாண்டு டிப்ளமா. அப்போது வைத்த சம்பளம் மாதம் 20,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். 'ரிசர்ச் அசிஸ்டென்ட்' என்று பொதுவாகக் கேட்டால் நம்மை எம்.எஸ்சி., எம்.இ. படித்தவர்களோடு சேர்த்து வைத்துத்தான் பார்ப்பார்கள். நமக்கான பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தலைவர் நினைத்தாலும் தன் இஷ்டத்துக்கு ஆளைச் சேர்க்க முடியாது. ஒரு திட்டத்துக்கு அரசு பணம் ஒதுக்கும்போதே ஆட்களுக்கு இவ்வளவு, கருவிக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆளுக்கான பணம் அதில் இருந்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் விளம்பரம் வரும். நேர்முகத் தேர்வு நடக்கும். அதில் ஜெயித்தால்தான் வேலை. அப்படியானால் மின்னஞ்சல் எதற்கு? அப்படி ஒரு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் வரப்போகிறதா என்று தெரிந்துகொள்ள. அவ்வளவுதான்! இது புரியாமல்தான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன்.

அந்த முதல் கடிதத்தைச் சொன்னால் வெட்கம். இரண்டு பக்கம் எழுதினேன். அப்பா கொத்தனார், குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவன் நான், தங்கை பிளஸ் ஒன், சிறுவயது முதலே ஆராய்ச்சியில் தீராத ஆர்வம் (இது முழுப் பொய்!), தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும்... இந்த நடையை எங்கே கற்றேன் தெரியுமா? தாலுகா ஆபீஸ் மரத்தடியில். பட்டாவுக்காக அப்பாவோடு போய், மனு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்த மனுவை அப்படியே 22 பேருக்கு ஒரே சொடுக்கில் அனுப்பினேன். 22 முகவரியும் மேலே வரிசையாகத் தெரிந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கியிருந்தேன். அந்த 22 பேரில் ஐந்து பேர் பெண்கள். ஒரு பதிலும் வரவில்லை. வராது!

இரண்டாம் முறை ஒரே ஒருவருக்கு எழுதினேன். கான்கிரீட் சோதனை செய்யும் ஆய்வகம். அதன் பக்கத்தில் போய், இப்போது என்ன திட்டம் நடக்கிறது என்று பார்த்தேன். எம்-சாண்டு பற்றிய வேலை ஒன்று இருந்தது. நம் ப்ராஜெக்ட்டும் அதுதானே! ஆற்று மணலுக்குப் பதில் 50 சதவீதம், 100 சதவீதம் எம்-சாண்டு போட்டு கியூப் வார்த்தது. ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"பொருள்: ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் பணியிடம் குறித்து - சிவில் டிப்ளமா, கான்கிரீட் சோதனை.

மதிப்பிற்குரிய டாக்டர் ... அவர்களுக்கு,

நான் சிவில் டிப்ளமா இறுதியாண்டு மாணவன். மே மாதம் படிப்பு முடிகிறது. எம்-சாண்டு கலந்த கான்கிரீட்டில் 150 மி.மீ. கியூப்கள் 18 வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் நானே சோதித்துள்ளேன். தங்கள் எம்-சாண்டு திட்டத்திலோ வேறு திட்டத்திலோ டிப்ளமா தகுதிக்கான ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் இடம் இப்போது உள்ளதா, அல்லது அடுத்த ஆறு மாதத்தில் வர வாய்ப்புண்டா? ஒரு பக்கத் தகுதிக் குறிப்பை இணைத்துள்ளேன். நன்றி."

கீழே பெயர், கல்லூரி, கைப்பேசி எண். முடிந்தது! போனில் படித்தால்கூட ஒரே திரையில் அடங்கும். கேள்வி ஒன்றே ஒன்று. 'ஆம்', 'இல்லை', 'ஜூனில் வா' என்று ஒரு சொல்லில் பதில் போட முடியும். பதில் போடுவது சுலபமாக இருந்தால் போடுவார்கள்.

அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம கஷ்டத்தை ஒரு வரிகூட எழுதலையேப்பா?" என்றாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நண்பர்களும் அதையே சொன்னார்கள், இரக்கம் வந்தால் வேலை வரும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்முகத் தேர்வில் நாலு பேர் உட்கார்ந்து மார்க் போடும்போது, என் அப்பாவின் கரண்டிக்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவார்கள்? படிப்பவர் நல்லவராக இருந்தால் இன்னும் மோசம். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அப்படியே மூடி வைத்துவிடுவார். 18 கியூப் என்பது அப்படியில்லை. அதை வைத்து அவர் என்னைக் கேள்வி கேட்க முடியும்.

கேட்டார்! நாலாம் நாள் இரண்டு வரி பதில். "தற்போது இடமில்லை. புதிய திட்டம் ஒன்று எதிர்பார்க்கிறோம், வந்தால் இணையதளத்தில் விளம்பரம் வரும். கியூப்பை எந்த வேகத்தில் அழுத்தினீர்கள்?"

கை நடுங்கியது தோழர்களே. ஐ.எஸ். 516 சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 140 கிலோ. 150 மி.மீ. கியூப்புக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 5.2 கிலோநியூட்டன். வேகமாக அழுத்தினால் கான்கிரீட் உள்ளதைவிட பலமாகத் தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வி. எனக்கு எண் தெரியும். ஆனால் நம் லேப் மெஷினில் முதல் மூன்று கியூப்பை வால்வைக் கையால் திருப்பி, குத்துமதிப்பாகத்தான் அழுத்தினோம். அதற்குப் பிறகுதான் லேப் அண்ணன் ஸ்டாப் வாட்ச் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதை மறைத்து எழுதலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் இருந்ததை இருந்தபடியே எழுதினேன்: முதல் மூன்று சரியான வேகத்தில் இல்லை, மீதி 15 சரி. "நல்லது. விளம்பரத்தைப் பாருங்கள்" என்று வந்தது.

எத்தனை நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம் என்று கேட்கிறீர்களா? பதிலே இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து, அதே கடிதத்தின் கீழேயே ஒரு வரி. அதோடு விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அங்கே பணம் இல்லாததால்தான் மௌனம். நம்மேல் கோபம் எதுவும் இருக்காது. போனில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். அப்புறம் அந்த 'கிங்_மேக்கர்' மாதிரி மெயில் ஐ.டி.களை மாற்றித் தொலையுங்கள், யாரைச் சொல்கிறேன் என்று ஈ.சி.இ. தோழர்களுக்குத் தெரியும்!

நான் திங்கட்கிழமை தோறும் அந்த இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் விளம்பரம் வரவில்லை. இதற்கிடையில் வேறு இரண்டு ஆய்வகங்களின் திட்டங்களைப் படித்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டத் தெரிய வேண்டுமாம். லேப் அண்ணனிடம் கேட்டேன். சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்.