சவப்பெட்டி மூலையும் சில புளுகுமூட்டைகளும்

2025 மே 21-ல டெல்லியிலேர்ந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில மாட்டிச்சே, ஞாபகம் இருக்கா? 'அது காஃபின் கார்னர்ல சிக்கிடுச்சு, 36,000 அடிக்குப் போனாலே அப்படித்தான்' என்று ராயபுரம் டீக்கடை வரைக்கும் ஒரு தியரி ஓடுது. பேரு பயங்கரமா இருக்கறதால எல்லாத்தையும் அது தலையில கட்டிடறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்களே.

மேட்டர் இதுதான். மேலே போகப் போகக் காற்று மெலிசாகும். அதே எடையைத் தாங்க இறக்கை இன்னும் வேகமாப் போகணும். அதுக்குக் குறைஞ்சா ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துடும். இன்னொரு பக்கம், குளிர்ந்த காற்றுல ஒலியின் வேகம் குறையுது. தரைமட்டத்துல நொடிக்கு சுமார் 340 மீட்டர், 36,000 அடியில சுமார் 295. ஒலிவேகத்தை ரொம்ப நெருங்கினா இறக்கை மேல அதிர்ச்சி அலை உண்டாகி விமானம் உதறும். கீழ்வரம்பு ஏறுது, மேல்வரம்பு இறங்குது. ரெண்டும் கிட்டத்தட்ட முட்டிக்கிற இடம்தான் சவப்பெட்டி மூலை.

70,000 அடியில பறந்த யூ-2 உளவு விமானத்துக்கு இந்த இடைவெளி சுமார் 10 நாட்தான். பயணிகள் விமானம் அங்கே போறதே இல்லை. 40 டிகிரி சாய்ஞ்சு திரும்பி, இறக்கை மேல பாரம் 1.3 மடங்கானாலும் உதறல் வராத உயரமாப் பார்த்துத்தான் போவாங்க.

அப்போ பதான்கோட் பக்கத்துல என்னதான் நடந்தது? டிஜிசிஏ சொன்னபடி, இடது பக்கம் விலகிப் போக விமானிகள் அனுமதி கேட்டாங்க, கிடைக்கலை. லாகூரும் மறுத்துடுச்சு. திரும்பலாம்னு பார்த்தா மேகம் நெருங்கிடுச்சு, உள்ளேயே போனாங்க. காற்று எந்தக் கோணத்துல மோதுதுன்னு அளக்குற கருவி பழுது, ஆட்டோபைலட் கழண்டுச்சு, வேகம் தாறுமாறா ஏறி இறங்குச்சு. அதிவேக எச்சரிக்கை, ஸ்டால் எச்சரிக்கை ரெண்டுமே அடிச்சது. ஒரு கட்டத்துல நிமிஷத்துக்கு 8,500 அடி இறக்கம்! கையாலேயே ஓட்டி வெளியே கொண்டுவந்து பத்திரமா இறக்கினாங்க.

ரெண்டு எச்சரிக்கையும் அடிச்சதும் 'பாத்தியா, மூலை!' என்கிறாங்க. அய்யா, இடைவெளி சுருங்கினதால அடிக்கலை. புயல் மேகம் வேகத்தை ரெண்டு பக்கமும் தூக்கி அடிச்சதால அடிச்சது.

2009 ஏர் பிரான்ஸ் 447-க்கும் இதே கதை கட்டினாங்க. அங்கே வேகம் அளக்குற குழாய்ல பனி அடைச்சது. விமானி மூக்கைத் தூக்கிக்கிட்டே இருந்ததால ஸ்டால் ஆச்சு. 228 பேர் போயிட்டாங்க.

மூலை மேல பழி போட்டா, 'ஏன் விலக வழி கிடைக்கலை?' என்ற கேள்வி அமுங்கிடும். எனக்கு அதுதான் கடுப்பு.

டிஸ்கி: மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. ஆனா யூ-2 கணக்கை இங்கே கொண்டாராதீங்க.