நாய்ப்படக் காசும் கிளேட்டன் பிள்ளைகளும்

இரவு பத்து மணிக்கு மேல் கிளேட்டன் சாலையில் உணவுக்கடை வாசல்களில் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பகலில் மோனாஷில் வகுப்பு, இரவில் டெலிவரி. கையில் இருக்கும் போனில் ஒரு திரையில் அடுத்த ஆர்டர் வருகிறதா என்று பார்க்கிறார்கள். விரலால் தள்ளினால் வரும் அடுத்த திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு கோடு ஏறி இறங்குகிறது. அதன் தலைப்பில் ஒரு தவளையோ பூனையோ அரசியல்வாதியோ இருப்பார்கள். அதுதான் மீம் காயின். அந்த இரண்டாவது திரையில் நடப்பது முதலீடு அல்ல என்பதும், அதை விற்பவர்களைச் சட்டம் இப்போது விட்டுவைத்திருப்பது தவறு என்பதும் இந்த இதழின் நிலைப்பாடு.

இந்த வகைக் காசின் பிறப்பில் ஆஸ்திரேலியாவுக்குப் பங்கு உண்டு. 2013 நவம்பரில், சிட்னியில் அடோபி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜாக்சன் பாமர், அப்போது இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த ஷிபா இனு நாயின் படத்தையும் அன்றைய கிரிப்டோ மோகத்தையும் சேர்த்து ஒரு கேலிப் பதிவு போட்டார். அமெரிக்காவின் ஓரிகனில் இருந்த பில்லி மார்கஸ் என்ற மென்பொருளாளர் அதைப் பார்த்துத் தொடர்புகொண்டார். ஏற்கெனவே இருந்த இன்னொரு காசின் நிரலை எடுத்துச் சில மாற்றங்கள் செய்தார். டிசம்பர் 6 அன்று டோஜ்காயின் வெளிவந்தது. இருவரும் தங்களுக்கென்று பெரிய பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை. மார்கஸ் 2015இல் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் விற்றபோது கிடைத்த பணம் ஒரு பழைய ஹோண்டா சிவிக் கார் வாங்கத்தான் போதுமாக இருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். பாமரும் அதே 2015இல் விலகிவிட்டார்.

அதன் பிறகு டோஜ்காயினின் தொழில்நுட்பத்தில் விலையை ஏற்றும்படியான பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. அதை வைத்து யாரும் ஆலை கட்டவில்லை, லாபம் பங்கிடவில்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் காசு என்ற கணக்கில் ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு உச்சவரம்பும் இல்லை. ஆனாலும் 2021 மே மாதத்தில் ஒரு காசின் விலை 73 அமெரிக்க சென்ட்டை ஒட்டிப் போனது. காரணம் ஈலோன் மஸ்க் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார் என்பதுதான். அவர் ஓர் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தப் போகிறார் என்று தெரிந்ததும், அன்று விலை பறக்கும் என்று நினைத்துப் பலரும் முன்கூட்டியே வாங்கி வைத்தார்கள். மே 8 இரவு அங்கே நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது மெல்பனில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணி, அன்னையர் தினம். மஸ்க் திரையில் பேசிக்கொண்டிருந்தபோதே விலை சரிந்தது. இதைவிடப் பெரிய கவனம் இனி வராது என்று கையில் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. அடுத்த 13 மாதத்தில் விலை அந்த உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

கவனம் எப்படி விலையாகிறது என்பதற்கு இதற்கு மேல் தெளிவான சாட்சி தேவையில்லை. ஒரு வீட்டுக்கு வாடகை வரும், ஒரு நிறுவனப் பங்குக்கு ஈவுத்தொகை வரும். விலை மிகவும் இறங்கினால், அந்த வருமானத்துக்காகவாவது ஒருவர் வாங்குவார். மீம் காயினுக்கு அப்படி ஓர் அடித்தளம் கிடையாது. அடுத்து வருகிறவர் என்ன கொடுப்பார் என்பது மட்டுமே அதன் விலை. அவர் வர வேண்டுமென்றால் காசின் பெயர் அவர் காதில் விழ வேண்டும். விலை ஏறுவதே செய்தியாகி இன்னும் பலரை இழுக்கிறது. அதே வழியில், விலை இறங்கினால் பேச்சு குறைகிறது, பேச்சு குறைந்தால் விலை மேலும் இறங்குகிறது.

டோஜ்காயினாவது பதின்மூன்று ஆண்டுகளை நெருங்கி உயிரோடு இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் வாங்கும் காசுகளின் ஆயுள் பல நேரம் ஒரு பகல்கூட இல்லை. ஏன் என்று புரிய, அவை பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் சொலானா என்ற கிரிப்டோ வலையமைப்பின் மேல் பம்ப்.ஃபன் என்ற தளம் தொடங்கப்பட்டது. ஒரு படமும் ஒரு பெயரும் இருந்தால் போதும், சில நிமிடத்தில் யாரும் நூறு கோடி காசுகளை உருவாக்கிவிடலாம். விலையைத் தளத்தின் சூத்திரமே நிர்ணயிக்கிறது. யார் வாங்கினாலும் விலை ஏறும், யார் விற்றாலும் இறங்கும்.

அந்தத் தளம் வழக்கமாக வைத்திருந்த சூத்திரத்தில், கட்டணத்தைத் தள்ளிவிட்டு, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காசை உருவாக்கியவர் முதல் ஆளாக 2 சொலானா போட்டு வாங்குகிறார். அவருக்குச் சுமார் 6 கோடியே 70 லட்சம் காசுகள் கிடைக்கும். பிறகு டெலிகிராம் குழுவில் கூவி ஆள் சேர்க்கிறார். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து 28 சொலானா போடுகிறார்கள். பெட்டியில் இப்போது 30 சொலானா, விலை தொடக்கத்தைப்போல நான்கு மடங்கு. திரையில் மொத்தச் சந்தை மதிப்பு 112 சொலானா என்று காட்டும், ஏனென்றால் கடைசி விலையை நூறு கோடியால் பெருக்கிக் காட்டுகிறார்கள். பெட்டியில் உண்மையில் இருப்பது 30தான். அந்த 112ஐ யாராலும் ஒருபோதும் வெளியே எடுக்க முடியாது.

இப்போது உருவாக்கியவர் தன் காசுகளை ஒரே மூச்சில் விற்கிறார். 2 போட்டவர் 6.67 எடுத்துக்கொண்டு போகிறார். அந்த ஒரு விற்பனையிலேயே விலை ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது. பெட்டியில் மிஞ்சுவது 23.33. அதை நம்பி நிற்பவர்கள் போட்டதோ 28. அவர்களுக்குள் யார் முந்துகிறார்கள் என்பதுதான் மீதிக் கதை. கடைசியாக 2 சொலானா போட்டுச் சேர்ந்த பிள்ளை அடுத்த நொடியே விற்றால் 1.59 திரும்பக் கிடைக்கும். வகுப்பில் இருந்துவிட்டு, எல்லோரும் போன பிறகு பார்த்தால் கிடைப்பது 0.53. இதில் ஏமாற்று நிரல் எதுவும் இல்லை, கணக்கு திருத்தப்படவும் இல்லை. உருவாக்கியவருக்கு வந்த லாபம் ஒவ்வொரு துளியும் பின்னால் வந்தவர்கள் போட்டது. உண்மையில் தளம் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கட்டணம் எடுக்கும், ஆகவே கூட்டாக எல்லோருக்கும் நட்டம் இன்னும் கூடும்.

பெரும்பாலான காசுகள் மறைந்துபோவதற்கு இந்தக் கணக்கோடு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனிதருக்கு ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். காசு உருவாக்கவோ செலவே இல்லை. ஒன்றின் விலை ஏறியதும் அதே நாய்க்குத் தம்பி, தங்கை என்று நூறு நகல்கள் வந்து அதே கவனத்தைப் பங்கு போடுகின்றன. 2025 ஜனவரி 17 அன்று டிரம்ப் பெயரில் வந்த காசு இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டியது. 19ஆம் தேதி அவருடைய மனைவி மெலனியாவின் பெயரில் இன்னொரு காசு வந்ததும், சில மணி நேரத்தில் கணவரின் காசு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. டிரம்ப் காசில் 80 விழுக்காடு அவரோடு தொடர்புடைய நிறுவனங்களின் கையில் இருந்தது. அடுத்த மாதம் அர்ஜென்டினா அதிபர் மிலேய் தன் பக்கத்தில் பகிர்ந்த லிப்ரா காசு சில மணி நேரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. நாட்டின் தலைவரே வாய் திறந்தாலும் கவனம் தங்காது என்றால், கல்லூரி மாணவர் நடத்தும் குழுவில் கூவப்படும் தவளைக் காசு எத்தனை மணி நேரம் தாங்கும்?

இதை எழுதினால் வரும் முதல் எதிர்வாதம் எங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் போக்கி இயந்திரத்தில் காசு போடவில்லையா, குதிரைப் பந்தயம் பார்க்கவில்லையா, பிள்ளைகள் தங்கள் சொந்தப் பணத்தில் விளையாடினால் உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தடை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் குதிரைக்குப் பணம் கட்டுபவருக்கு அது சூதாட்டம் என்று தெரியும். ஓடும் குதிரையின் சொந்தக்காரர் பந்தயம் நடக்கும்போதே குதிரையை நிறுத்திவிட்டு இறங்கிப் போக முடியாது. மீம் காயினில் அதுதான் நடக்கிறது. அதற்கு முதலீடு என்றும் பெயர் சூட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியச் சட்டம் இதற்கு முன் இப்படிக் கண்மூடி இருந்ததில்லை. 2021இல் டெலிகிராம் குழுக்களில் கூடிப் பேசிவைத்துப் பங்கு விலையை ஏற்றி, மற்றவர் தலையில் கட்டுகிற வேலை நடந்தபோது, நிதிச்சந்தை ஆணையமான ஆசிக் அந்தக் குழுக்களுக்குள்ளேயே நுழைந்து எச்சரிக்கை பதிவிட்டது. பங்குச்சந்தையில் இது 15 ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். உரிமம் இல்லாமல் நிதி ஆலோசனை தரும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு என்று 2022இல் அதே ஆணையம் சொன்னது. ஆனால் இவையெல்லாம் விற்கப்படுவது ஒரு நிதிப்பொருள் என்றால்தான் செல்லும். நிதிப்பொருள் என்றால் அது எதையாவது தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். மீம் காயின் எதையும் தருவதாகச் சொல்வதில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் அலுவலர்களும் 2025 பிப்ரவரியில் இவை பத்திரங்கள் அல்ல, சேகரிப்புப் பொருள் போன்றவை என்று சொல்லிவிட்டார்கள். எதுவுமே தரமாட்டேன் என்று சொல்கிற பொருளுக்கு, ஏதோ தருவேன் என்று சொல்கிற பொருளைவிடக் குறைந்த கட்டுப்பாடு! இந்தத் தலைகீழ் நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

வருமான வரித்துறைக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. கிரிப்டோவை விற்றாலும், ஒரு காசைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் மூலதன ஆதாயக் கணக்கு எழும். நட்டமானால் அதை இன்னொரு மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய அனுமதி உள்ள வெளிநாட்டு மாணவர், டெலிவரியில் சம்பாதித்ததற்கு முழு வரியும் கட்டிவிட்டு, காயினில் தொலைத்ததற்கு ஒரு டாலரும் திரும்பப் பெறாமல் போவார். வரி வாங்கும்போது சொத்து என்கிற அரசு, ஏமாறும்போது மட்டும் வேடிக்கைப் பொருள் என்று கைவிரிக்கக் கூடாது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: பணம் வாங்கிக்கொண்டோ தான் கையில் வைத்துக்கொண்டோ ஒரு காசைப் புகழ்கிறவர், எத்தனை காசு வைத்திருக்கிறார், எப்போது விற்கப் போகிறார் என்பதைப் புகழும் இடத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால், பொருளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், பங்குச்சந்தை மோசடிக்கு உள்ள தண்டனை அதற்கும் பொருந்த வேண்டும். இதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. எந்த வாலட்டில் எத்தனை காசு இருக்கிறது, எந்த நிமிடத்தில் விற்கப்பட்டது என்பதெல்லாம் பிளாக்செயினில் எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. அந்த வாலட் யாருடையது என்பது மட்டும்தான் மறைந்திருக்கிறது. வாங்கப்போகும் பிள்ளையும் அந்தப் பட்டியலைத் திறந்து, முதல் பத்து வாலட்களில் எத்தனை விழுக்காடு குவிந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பார்க்கச் சொல்லி வீட்டில் யாராவது சொல்ல வேண்டும்.

2021இல் பங்குக் குழுக்களுக்குள் நுழைந்த ஆசிக் அதிகாரிகளுக்கு இந்தக் குழுக்களின் வாசலும் தெரியும். இந்த வருடமே உள்ளே வரட்டும்.