எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம்



பிளஸ் டூ தேர்வு நெருங்கும் வேளையில் என் மகளின் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சொல்வதை எழுத ஒருவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்டு, எக்ஸ்ரே, எலும்பு மருத்துவரின் சான்றிதழ், தலைமையாசிரியரின் கடிதம் ஆகியவற்றுடன் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், குறிப்பிட்ட அளவு ஊனமுற்றோருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தந்தது. தற்காலிகக் காயத்துக்கு ஊனச் சான்றிதழ் கிடைக்காது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமம் உள்ள ஊனமுற்றவருக்கு அந்தக் குறிப்பிட்ட அளவு ஊனம் இல்லையென்றாலும் உதவி எழுத்தாளரை மறுக்கக் கூடாது என்றது. அதே நியாயம் முறிந்த கைக்கும் பொருந்தும் என்பது என் வாதம்.

எழுத ஆள் மட்டும் கிடைத்தால் போதாது. தொகையிடல் கணக்கில் வகுகோடு எங்கே, அடுக்கு எங்கே, அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று வரிவரியாகச் சொல்லி, எழுதியதைச் சரிபார்க்கவும் வேண்டும். கதிர்ப்படத்தில் ஒவ்வொரு கோட்டையும் வாயால் வரைய வேண்டும். மூன்று மணி நேரத்தில் அது முடியாது. எழுதுபவரை முன்கூட்டியே சந்தித்துப் பழகவும் அனுமதி தேவை. வாரியம் தேர்வுக்கு முன்பே எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும்.

ஒரு மாணவியின் தாய், மதுரை