விளம்பரப் பாட்டைத் தேடும்போது கண்ணை நம்பாதீர்கள்!

மொபைல் போனில் கேம் ஆடும்போது இடையே ஒரு விளம்பரம் வருகிறது. ஒரு ராஜா அறைக்குள் மாட்டிக் கொண்டிருக்கிறார். மேலே நெருப்புக் குழம்பு, பக்கத்தில் தண்ணீர், நடுவில் இழுக்க வேண்டிய ஊசிகள். ஆடுபவர் தவறான ஊசியை இழுக்கிறார். ராஜா கருகிப் போகிறார். பின்னணியில் கீச்சுக் குரலில் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. முப்பது விநாடியில் விளம்பரம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல் மூன்று நாட்களுக்குக் காதில் சுற்றும்.

அது என்ன பாட்டு? இந்தக் கேள்விக்கு விடை தேடி என் அக்கா நான்கு கேம்களை இன்ஸ்டால் செய்துவிட்டார். ஒன்பது வயது மகன் கேட்டுக் கொண்டே இருந்தானாம். விளம்பரத்தில் பார்த்த ராஜாவை வைத்துத் தேடியிருக்கிறார். ராஜா படம் போட்ட கேம் கிடைத்ததும் இறக்கியிருக்கிறார். எதிலும் அந்தப் பாட்டு இல்லை. நான்கில் ஒன்று, "மூன்று நாள் இலவசம்" என்று சொல்லிவிட்டு நான்காம் நாளிலிருந்து வாரந்தோறும் பணம் எடுக்கத் தொடங்கியது. "தம்பி, ஒரு பாட்டுக்காக இவ்வளவு பணம் போயிடுச்சேடா" என்று போன் செய்தார்.

அக்கா செய்தது பலரும் செய்வதுதான். கண்ணில் பட்டதை முதலில் தேடுகிறோம், காதில் கேட்டதைக் கடைசியில் தேடுகிறோம். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

காட்சி ஏன் ஏமாற்றுகிறது?

விளம்பரத்தில் வரும் காட்சி பல நேரங்களில் கேமிலேயே இருக்காது. ஊசி இழுக்கும் காட்சிகளைக் காட்டிய ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று இங்கிலாந்தின் விளம்பரத் தர அமைப்பு 2020-ல் தீர்ப்பளித்தது. அந்த கேம்களில் பெரும்பகுதி ஒரே மாதிரிப் பொருட்களைச் சேர்க்கும் ஆட்டம்தான். ஊசி இழுக்கும் விளம்பரங்களைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதால், "ராஜா, ஊசி, நெருப்பு" என்று தேடினால் ஒன்றைப் போலவே இன்னொன்றாகப் பல கேம்கள் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே காட்சிக்கு நான்கைந்து விதமான இசையைச் சேர்த்து, எது அதிகம் பேரை இழுக்கிறது என்று விளம்பரக்காரர்கள் சோதிப்பார்கள். நீங்கள் கண்டுபிடிக்கும் வீடியோவில் அதே ராஜா இருப்பார், பாட்டு வேறாக இருக்கும்.

ஆகவே காட்சிக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். அதே விளம்பரத்தை மீண்டும் பிடிப்பதற்கு அது உதவும். யூட்யூபில் `pull the pin king lava ad` என்பது போல, கண்ணில் பட்டதைச் சில எளிய ஆங்கிலச் சொற்களாக டைப் செய்து தேடுங்கள். வீடியோ கிடைத்தால் அதன் கீழே உள்ள விவரப் பகுதியை விரித்துப் பாருங்கள். யூட்யூப் இசையை அடையாளம் கண்டிருந்தால் Music என்ற தலைப்பில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கும். வேலை அங்கேயே முடிந்துவிடும்.

விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் இன்னும் வசதி. பல விளம்பரங்களின் மூலையில் உள்ள சிறிய i அடையாளத்தைத் தொட்டால் பெயர் தெரியும். பின்னர் கம்ப்யூட்டரில் `adstransparency.google.com` தளத்திலோ `facebook.com/ads/library` தளத்திலோ அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பேஸ்புக் தளத்தில் நம் நாட்டு வணிக விளம்பரங்களில் இப்போது ஓடிக் கொண்டிருப்பவை மட்டுமே கிடைக்கும். எனவே கேட்ட வாரத்திலேயே தேடிவிடுங்கள்.

காது சொன்ன சாட்சி

அக்கா மகனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "பாட்டில் என்ன சொல்கிறார்கள், அப்படியே பாடு" என்றேன். "ஓ நோ, ஓ நோ" என்று பாடினான். சொல் கிடைத்துவிட்டது. ஆனால் `"oh no"` என்று மட்டும் தேடினால் பயனில்லை. இரண்டே சொற்கள், எத்தனையோ பாடல்களில் வருபவை.

இங்கேதான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தச் சொல் எப்படி ஒலிக்கிறது? கீச்சுக் குரலில். எப்போது வருகிறது? ஏதாவது தவறாகப் போகும்போது. இந்த இரண்டையும் சேர்த்து கூகுளில் இப்படித் தேடினேன்:

```
"oh no" song high pitched voice fail videos
```

மேற்கோள் குறிக்குள் இருப்பது அதே வரிசையில் வர வேண்டும் என்று அர்த்தம். ராஜா, ஊசி, நெருப்பு ஆகியவற்றை நான் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரீப்பா என்பவரின் "ஓ நோ" என்ற பாடல் கிடைத்தது. 2020, 2021 ஆண்டுகளில் யாராவது வழுக்கி விழும் வீடியோக்களில் எல்லாம் ஒலித்த பாட்டு அது.

ஆனால் பெயர் கிடைத்தவுடன் நின்றுவிடக் கூடாது. இது வெறும் ஊகம், உறுதி செய்ய வேண்டும்.

வேகத்தைத் திருப்புங்கள்

அடுத்த முறை விளம்பரம் வந்தபோது போனில் உள்ள ஸ்கிரீன் ரெக்கார்டரால் அக்கா பதிவு செய்து அனுப்பினார். (ஆண்ட்ராய்ட் போனில் பதிவைத் தொடங்கும் முன் Device audio என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஊமைப் படம்தான் கிடைக்கும்.) அதைக் கம்ப்யூட்டரில் ஒலிக்கவிட்டு, பக்கத்தில் போனில் ஷாஜாமைத் திறந்து வைத்தேன். ஷாஜாம் கை விரித்துவிட்டது.

காரணம் எளிது. ஷாஜாம் பாட்டின் சொற்களையோ ராகத்தையோ கேட்பதில்லை. ஒலியில் எந்த நேரத்தில் எந்த சுருதி ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகளைக் குறித்து, அந்தப் புள்ளிக் கோலத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது. சுற்றிலும் சத்தம் இருந்தாலும் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் பாட்டை வேகமாக ஓட்டினால் புள்ளிகள் நேரத்திலும் நெருங்கும், சுருதியிலும் மேலே ஏறும். கோலமே மாறிவிடும். விளம்பரங்களில் நேரத்தை மிச்சப்படுத்தவோ, குரல் வேடிக்கையாக இருக்கவோ இப்படி வேகம் கூட்டுவது வழக்கம்.

இதைத் திருப்ப ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். பதிவில் உள்ள ஒலியை அதில் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுங்கள். Effect மெனுவில் Pitch and Tempo பிரிவில் Change Speed and Pitch என்பதைக் க்ளிக் செய்திடுங்கள். Percent Change என்ற கட்டத்தில் `-20` என்று கொடுங்கள். Change Tempo என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது வேகத்தை மட்டும் குறைத்து, கீச்சுக் குரலை அப்படியே வைத்திருக்கும். யூட்யூபின் வேகம் குறைக்கும் வசதியும் அப்படித்தான், எனவே அதுவும் இதற்கு உதவாது.

ஏன் 20? பாட்டை 25 சதவீதம் வேகப்படுத்தியிருந்தால் அது 1.25 மடங்கு. அதை மீண்டும் 1 ஆக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 20 சதவீதம் குறைக்க வேண்டும். 25 குறைத்தால் அளவுக்கு மீறி இழுத்துவிடும். எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே 10, 15, 20 என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் Undo செய்துவிட்டு அடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும். என் பதிவு 20-ல் ஷாஜாமிடம் மாட்டிக் கொண்டது. கூகுள் தேடலில் வந்த அதே கிரீப்பாவின் பாட்டு. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் சந்தேகம் தீர்ந்தது.

வாயால் முணுமுணுத்துத் தேடும் வசதியை கூகுள் 2020-ல் கொண்டு வந்தது. ராகத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பதால் வேக மாற்றம் அதைப் பாதிக்காது. ஆனால் பத்துப் பதினைந்து விநாடிக்கு ராகம் வேண்டும். ஒரே சொல் திரும்பும் பாட்டில் இரண்டு மூன்று சுரங்களே இருக்கும், அதற்குப் பொருந்தும் பாடல்கள் ஏராளம். எனவே இதைக் கடைசி வழியாக வைத்துக் கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்த பிறகு

கிரீப்பாவின் பாட்டில் வரும் அந்தக் குரல் அவருடையது அல்ல. கபோன் என்ற அமெரிக்க ராப் பாடகர் 2005-ல் வெளியிட்ட "ஓ நோ" பாட்டிலிருந்து வந்தது. அவரும் அதை 1964-ல் தி ஷாங்ரி-லாஸ் என்ற பெண்கள் குழு பாடிய "ரிமெம்பர் (வாக்கிங் இன் தி சாண்ட்)" பாடலிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த மூலப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கடற்பறவைகளின் சத்தம், மெதுவான தாளம், பிரிந்து போன காதலனை நினைத்து ஏங்கும் குரல். விழுந்து எழும் வேடிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்காவுக்கு அதை அனுப்பினேன். மகனுக்குப் பிடிக்கவில்லை, அக்காவுக்குப் பிடித்துவிட்டது!

எல்லாத் தேடலும் இப்படி முடியாது. விளம்பரத்துக்காகவே செய்த சில விநாடி இசைத் துண்டு என்றால் முழுப் பாட்டு என்று ஒன்று வெளியாகியே இருக்காது. அதே சில விநாடிகள் அச்சு மாறாமல் சுற்றி வருவதும், பாட்டு அடுத்த கட்டத்துக்குப் போகாததும் அதன் அடையாளம். வேகத்தைத் திருப்பியும் ஷாஜாம் காட்டாமல், சொல்லாலும் கிடைக்காமல் போனால் அதோடு நிறுத்திவிடுங்கள். "விளம்பரப் பாட்டு இலவச டவுன்லோட்" என்று அழைக்கும் தளங்களுக்குள் நுழையாதீர்கள். இல்லாத பாட்டையும் தருவதாகச் சொல்லி வேறு எதையாவது உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுவார்கள்.

இவ்வளவு சுற்ற வேண்டியிருப்பது விளம்பரம் தருபவர்களின் தவறு என்றே நான் நினைக்கிறேன். திரைப்படத்தின் முடிவில் பாடியவர் பெயர் வருகிறது. கேம் விளம்பரத்தின் மூலையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? 1964-ல் பாடிய அந்தப் பெண்களின் குரல் இன்று யாருடையது என்று தெரியாமலேயே கோடிக்கணக்கான போன்களில் ஒலிக்கிறது. அந்த ஒரு வரி வரும் வரை, கேட்ட சொல்லைக் கேட்டவுடனேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாட்டுக்காக எந்த கேமையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அக்காவின் சந்தாவை அன்றே ரத்து செய்துவிட்டோம், ஆனால் போன பணம் திரும்பி வரவில்லை.