இவன் ஏன் எழுந்து போகல?

தோட்டத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்கப்போகிறோம் என்று கிளம்புகிற நம் இளைஞர்கள் முதலில் செய்வது லயம் தேடுவது. பகாவ் பக்கம், ரந்தாவ் பக்கம், லாபு பக்கம் இடிபடாமல் நிற்கிற ஏதாவது ஒரு வரிசை வீட்டைப் பிடித்துவிடுவார்கள். தகரக் கூரை, சிமெண்டு வாசல், ஒரு கோழி, கயிற்றில் காயும் கைலி, குடிகார மாமா. வாசலில் நாலு பையன்கள் உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் கலாய்ப்பார்கள். மூணாவது எபிசோடில் சிரம்பானுக்கு வந்துவிடுவார்கள். ஐந்தாவதில் கேஎல் பேரங்காடி. ஏழாவது எபிசோடு வராது, ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

ஸ்பான்சர் பிரச்சினை உண்மைதான். ஆனால் ஏழாவது எபிசோடுக்குக் கதையும் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. ஐந்திலேயே தீர்ந்துவிட்டது. தீர்ந்ததால்தான் பேரங்காடிக்குப் போனார்கள்.

இந்த வகைத் தொடர்களில் இடம் என்பது பின்னணி இல்லை, பூட்டு. வேறு வேறு ஆசை உள்ள நாலைந்து பேரை ஓர் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டு நன்றாக இருந்தால் வசனம் சுமாராக இருந்தாலும் வண்டி ஓடும். பூட்டு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நடிகனும் ஐந்து எபிசோடில் களைத்துவிடுவான். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். கதாபாத்திரங்கள் சண்டை போடும்போது நிறுத்திக் கேளுங்கள்: இவன் ஏன் எழுந்து போகல? 'போனா கதை நடக்காதே' என்பதுதான் பதில் என்றால், அந்தத் தொடரில் பூட்டு இல்லை.

பூட்டு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஓர் ஆங்கிலத் தொடர். ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் பிபிசிக்கு எழுதிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. லண்டனில் பழைய சாமான் பொறுக்கி விற்கும் ஒரு கிழவர், கல்யாணமாகாத அவருடைய மகன், ஒரு குதிரைவண்டி, குப்பை நிறைந்த ஒரு வீடு. அவ்வளவுதான். 1962-ல் வந்த அதன் முதல் கதையில் மகனுக்கு வேறு வாழ்க்கை கிடைக்கும்போல இருக்கிறது. தன் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிடுகிறான். அப்பன் குதிரையைத் தர மறுக்கிறார். சரி, நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று மூச்சைப் பிடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. அழுகிறான். கிழவர் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்.

நகைச்சுவைத் தொடர் ஒன்றின் முதல் கதை இது! சிரிப்பு வரவழைக்கிற முடிவா இது? ஆனால் அதற்குப் பிறகு வந்த அத்தனை கதைகளுக்கும் அந்த அசையாத வண்டிதான் அடிப்படை. இவன் போகமாட்டான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அப்பன் என்ன சொன்னாலும் இவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். பத்து வருஷம் கழித்து 1972-ல் இருவரும் வீட்டின் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்வதாக ஒரு கதை எழுதினார்கள். பூட்டுக்குள் இன்னொரு பூட்டு. சண்டை குறையுமா? கூடியது.

இதற்கு நேர்மாறாக, நம் அப்பா அம்மா தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை எடுத்துக்கொள்ளலாம். 1977-ல் தொடங்கியது. ஆங்கிலம் கற்க வந்த பல நாட்டுக்காரர்கள், ஓர் இரவு வகுப்பு. ஒரே அறைதான். ஆனால் அங்கே பூட்டு மணி அடிக்கும்வரைதான். வகுப்பு முடிந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் எதுவும் போகாது. ஒருத்தருக்கும் இன்னொருத்தர் கடனில்லை. அதனால் ஆளுக்கு ஆசை என்று ஒன்று எழுதவேண்டிய தேவையே வரவில்லை, ஆளுக்கு ஒரு நாடு கொடுத்தால் போதுமானதாக இருந்தது. இந்தியர் இப்படித்தான், சீனர் இப்படித்தான், இத்தாலிக்காரர் இப்படித்தான். அந்தத் தொடர் இனக் கேலி என்று திட்டு வாங்கியது. நியாயமான திட்டுதான். ஆனால் அதன் வேர் எழுதியவரின் மனசில் மட்டும் இல்லை, பூட்டில்லாத அமைப்பிலும் இருந்தது என்பது என் கட்சி. மோதுவதற்குக் காரணம் இல்லாதவர்களை மோதவிட வேண்டுமானால் தோலையும் உச்சரிப்பையும்தான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். 'ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு தமிழர், மூணு பேரையும் ஒரு காப்பிக் கடையில உட்கார வெச்சா சிட்காம் ரெடி' என்று நம் ஊரில் சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். காப்பிக் கடையில் காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாமே ஐயா.

தமிழில் இதைப் புரிந்துகொண்டவர் பாலசந்தர். மேடை நாடகமாக இருந்து 1968-ல் படமான 'எதிர்நீச்சல்' முழுக்க ஒரு ஒண்டுக்குடித்தன வீடுதான். மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் அநாதை மாது, எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறான். அவன் போனால் சோறும் இல்லை, படிப்பும் இல்லை. அவன் இல்லாமல் அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை நடக்காது. இரண்டு பக்கமும் பூட்டு. நாகேஷ் பெரிய நடிகர்தான், ஆனால் அந்த மாடிப்படி அவருக்குச் செய்துகொடுத்த வேலை சின்னதில்லை.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்தின் பூட்டு மரம் இல்லை, லயம் இல்லை, கோயில் இல்லை. செக்ரோல். வேலைக்காரர் பேர் எழுதும் அந்தப் புத்தகம். வீடு கம்பெனியுடையது. வீட்டில் ஒருத்தர் பேராவது செக்ரோலில் இருந்தால்தான் வீடு. வயசாகி வேலை முடிந்தாலும், மண்டோரிடம் முறைத்துக்கொண்டு வேலை போனாலும், சாமானைத் தூக்க வேண்டியதுதான். வேலையும் வீடும் ஒரே சாவியில் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோக முடியாது. மறுநாள் விடியுமுன் பெரட்டில் அவன் பக்கத்தில்தான் போய் நிற்கவேண்டும். போதாததற்குப் பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் கூரைவரைக்கும் போகாது. முதல் வீட்டில் முணுமுணுத்தது நாலாம் வீட்டில் கேட்கும்.

இதை வைத்து ஒரு கதை கட்டிப் பார்க்கிறேன். எண்பதுகளில் ஒரு ரப்பர் தோட்டம், ஒரே லயத்தில் நாலு பேர். முதல் ஆள் மண்டோர், மகனைக் கிராணி வேலைக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று ஆபீசில் நல்ல பேருக்கு அலைகிறவர். இரண்டாவது ஆள் புருஷன் இல்லாத ஓர் அக்கா. பால் வெட்டு, வாய் கத்தி மாதிரி, ஆனால் மண்டோரைப் பகைக்க முடியாது. அவருடைய மகளும் செக்ரோலில் இருக்கிறாள். மூன்றாவது ஆள் கோயில் பொருளாளர், அடுத்த வருஷம் வேலை முடிகிறது. நான்காவது, அவருடைய மகன். செனவாங் தொழிற்சாலையில் வேலை, உளியைத் தொடமாட்டேன் என்கிறான்.

நாலு பேர் என்றால் ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே வேறு கணக்கு இருக்கவேண்டும். நாலு மச்சான்களை வைத்தால் ஆறு ஜோடியும் ஒரே ஜோடிதான். ஒருத்தன் வசனத்தை இன்னொருத்தனுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அங்கே இருப்பது ஒரே ஆள்.

விடிகாலை மழை. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் பட்டையில் வழிந்து வீணாகும். ஆக எல்லாரும் லயத்தில், வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை. பொருளாளர் திருவிழா வசூல் என்று கூட்டம் போடுகிறார். உண்மையான நோக்கம் வேறு. வேலை முடிந்ததும் வீடு போய்விடும், மகன் வெட்ட வரமாட்டான், ஆகவே செக்ரோலில் பேர் உள்ள மருமகள் வேண்டும். இருபது வருஷமாக யாரை 'அந்த வாயாடி' என்று சொல்லி வந்தாரோ அந்த அக்காவின் மகள்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறாள். இன்று திடீரென்று 'தங்கச்சி' என்கிறார்.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கும் வயசாகிறது. மகள் பக்கத்து வீட்டுக்குப் போனால் அந்தப் பேரும் அந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். தான் வெட்டை நிறுத்தும் நாளில் தன் வீடு போய்விடும். ஒரு பேர், இரண்டு வீடு. முகத்துக்கு நேரே முடியாது என்றால் பொருளாளர் மண்டோரிடம் போவார். அதனால் சம்மதம் என்று சொல்லிவிட்டு நிபந்தனை போடுகிறார்: 'மாப்பிள்ளை எங்க வீட்டுல வந்து இருக்கட்டும் அண்ணே.' அப்பனுக்கு மயக்கம் வராத குறை. மண்டோர் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தும்மல் வருகிறது, தும்ம முடியாது.

பத்து மணிக்கு மழை விடுகிறது. ஒன்றும் முடிவாகவில்லை. மாலையில் அதே குழாயடியில் அதே வாளிகள். கொதிகலனில் வால்வு செய்யும் வேலை இது. ஆவி கொஞ்சம் வெளியேறுகிறது, மூடி கழலவில்லை. நம் எழுத்தாளர்கள் ஒவ்வொரு எபிசோடு கடைசியிலும் கட்டிப்பிடித்து அழவைத்து மூடியையே கழற்றிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அடுப்பு எரிகிறது, கலனில் அழுத்தம் இல்லை. உடனே ஊரிலிருந்து ஒரு மாமாவை வரவழைக்கிறார்கள். வாரா வாரம் புது மாமா வந்தால் பூட்டு போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

'தோட்டத்துக் கஷ்டத்தை வைத்துச் சிரிப்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன கதையில் ஏழ்மையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு கம்பெனிப் புத்தகத்தில் உள்ள ஒரு பேருக்காக வளர்ந்த மனுஷர்கள் இப்படி வளைந்து நெளிய வேண்டியிருக்கிறதே என்றுதான் சிரிப்பு வருகிறது. குடிகார மாமா தடுக்கி விழுவதைக் காட்டும் தொடர்தான் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அதைவிட எனக்கு எரிச்சல் ஊட்டுவது 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒண்ணா மண்ணா இருந்தோம்' என்கிற ஏக்கப் பாட்டு. ஒன்றாக இருந்தார்கள், ஏனென்றால் வேறு எங்கும் போக முடியாது. தோட்டங்கள் துண்டுபோட்டும் வீட்டுமனையாகவும் விற்கப்பட்டபோது அந்த ஒற்றுமையைக் கேட்டுவிட்டா யாரும் விற்றார்கள்? சாவி யார் கையில் இருந்தது என்பதை மறைத்துவிட்டு லயத்தை மட்டும் அழகாகப் படம்பிடிக்கிறவர் வரலாற்றையும் விட்டுவிடுகிறார், நகைச்சுவையையும் விட்டுவிடுகிறார்.

இந்தப் பூட்டும் ஒருநாள் துருப்பிடிக்கும், அது வேறு விஷயம். பொருளாளரின் கடைசி வேலைநாள் வந்தே தீரும், அதைத் தள்ளிக்கொண்டே போனால் பார்க்கிறவன் நம்பமாட்டான். ஆனால் அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு எபிசோடு தாராளமாக இருக்கிறது. மண்டோர், தான் ஒட்டுக்கேட்டதைச் சொல்லாமலேயே இரண்டு வீட்டிலும் காரியம் சாதிக்கப் பார்ப்பது ஒன்று. மகன், அக்காவின் நிபந்தனைக்குச் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவது இன்னொன்று. இரண்டு வீடும் யாருடைய பேருக்காக அடித்துக்கொள்கிறதோ அந்தப் பெண், செனவாங் தொழிற்சாலைக்கு ரகசியமாக மனுப் போட்டிருக்கிறாள் என்பது நாலாவது எபிசோடு.