இழுத்தவர்களை அழிக்கும் 'மர்மம்'

சில வாரங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எகிப்தின் பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள்தான் கட்டியிருக்க முடியும் என்று அதில் ஒரு குரல் உறுதியாகச் சொன்னது. "கிரேன் இல்லாம இதையெல்லாம் எப்படித் தூக்கியிருப்பாங்க அக்கா? யாருக்குமே தெரியலையாமே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதன் கடைசிப் பகுதிதான் பொய். நமக்கு நிறையவே தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

'மர்மம்' என்ற சொல் வந்ததும் அந்தக் கல்லை இழுத்த மனிதன் காணாமல் போகிறான். அதனால் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் சான்று ஒரு ஓவியம். எகிப்தில் டெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறைச் சுவரில் அது இருந்தது. அவருடைய பிரம்மாண்டமான சிலை ஒரு ஸ்லெட்ஜ் மேல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்லெட்ஜ் என்றால் சக்கரம் இல்லாத, தரையில் சறுக்கிக்கொண்டு போகும் கனமான மரச்சட்டம். நான்கு வரிசைகளில் 172 பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் முழங்கால் மேல் நிற்கும் ஒருவர் கைதட்டித் தாளம் கொடுக்கிறார். ஸ்லெட்ஜின் முன்முனையில் நிற்கும் இன்னொருவர் பாதையில் எதையோ ஊற்றுகிறார். சிலையின் உயரம் 13 முழம் என்று கல்வெட்டு சொல்கிறது, அதாவது ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை வைத்து எடை 58 டன் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த ஊற்றும் ஆள் வெறும் சடங்குக்காக நிற்பதாகவே பலர் நெடுங்காலம் நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலில் ஒரு சிறிய ஸ்லெட்ஜை இழுத்து அளந்தார்கள். காய்ந்த மணல் ஸ்லெட்ஜுக்கு முன்னால் குவிந்து தடுக்கிறது. சரியான அளவு ஈரம் இருந்தால் மணல் இறுகுகிறது, இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாகிறது. தண்ணீர் அதிகமானால் மறுபடியும் கெட்டுவிடுகிறது.

செய்தித்தாள்கள் 'பிரமிடு ரகசியம் உடைந்தது' என்று எழுதின. கொஞ்சம் நின்று நாமே கணக்குப் போடுவோம். ஒரு ஆள் நிதானமாக, தொடர்ந்து இழுத்தால் 30 கிலோ எடைக்குச் சமமான விசை தருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலில் உராய்வு எடையில் பாதி என்றால் 58 டன்னுக்கு 29 டன் விசை வேண்டும். 172 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 170 கிலோ. நடக்காத காரியம். ஈர மணலில் அது பாதியானாலும் தலைக்கு 85 கிலோ வருகிறது. அதுவும் முடியாது. உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்காக இறங்கினால்தான் தலைக்கு 34 கிலோ என்று கைக்கு அடங்கும்.

அப்படி இறங்குமா? இறங்கும், ஆனால் மணலில் அல்ல. நனைத்த களிமண் பூசிய பாதையில். 1930-களில் கர்னாக்கில் ஆன்றி ஷெவ்ரியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஈரக் களிமண் தடத்தில் ஏறக்குறைய 5 டன் கல்லை ஸ்லெட்ஜில் வைத்துச் சோதித்தபோது ஆறு பேர் அதை இழுத்தார்கள். ஜெஹுதிஹோதெப்பின் கல்வெட்டும் இதற்குத் துணை நிற்கிறது. வழி மிகக் கடினமாக இருந்தது, பாதை போடவே இளைஞர்களை வரவழைத்தேன் என்ற பொருளில் அது பேசுகிறது. ஆக, கல் நகர்ந்த ரகசியத்தின் பெரும்பகுதி கயிற்றில் இல்லை, பாதையில் இருக்கிறது. கல்லுக்கு முன்னால் போய் மண் கொத்தி, சமன் செய்து, தண்ணீர் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியத்தில் இல்லை.

சரி, சமதளத்தில் இழுத்தாயிற்று. மேலே ஏற்றியது எப்படி?

அந்தச் சிலைக்கான கல் ஹட்னுப் என்ற பாலைவனக் குவாரியிலிருந்து வந்தது. அதே ஹட்னுபில் 2018-இல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சாய்தளத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னனின் காலத்தது, சுமார் 4,500 ஆண்டுப் பழமை. ஐந்தடி போனால் ஓரடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. நடுவில் கல் போகும் சரிவு, இரு பக்கமும் படிக்கட்டுகள், படிகளை ஒட்டி மரத்தூண்கள் நடப்பட்ட குழிகள். கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. அப்படிச் சுற்றினால் எல்லோரும் கல்லுக்கு மேலே நின்று மட்டும் இழுக்க வேண்டியதில்லை. சிலர் கீழ்ப்பக்கம் நின்று, கீழ்நோக்கி இழுத்தும் கல்லை மேலே நகர்த்தலாம். படிக்கட்டு அவர்கள் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

பிரமிடின் சாதாரணக் கல் சராசரியாக 2.5 டன். நல்ல ஈரக் களிமண் தடத்தில், சமதளத்தில் அதை இழுக்க எட்டு ஒன்பது பேர் போதும். ஹட்னுப் போன்ற சரிவில் கல்லின் எடையே பின்னுக்கு இழுக்கும், அதையும் சேர்த்தால் 25 பேர் வேண்டும். ஒரு கிராமத்துத் தேர் வடத்தில் இதைவிடக் கூட்டம் நிற்கும்.

இங்கே நாமும் அளவு மீறக்கூடாது. ஹட்னுப் சாய்தளம் குவாரிப் பாறையில் வெட்டியது. பிரமிடின் மேலும் அப்படியே ஒன்று இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று ஆகாது. 146 மீட்டர் உச்சி வரை பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நேரான சாய்தளம் போட்டால் அது ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும், அதைக் கட்டுவதே இன்னொரு பிரமிடு கட்டும் வேலையாகிவிடும். ஆனால் பிரமிடின் வடிவத்தை யோசியுங்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு எழும்பும்போதே மொத்தக் கல்லில் 70 சதவீதம் வைத்தாகிவிட்டது. பாதி உயரத்தில் 87 சதவீதம். அதனால் வேலையின் பெரும்பகுதிக்குக் குட்டையான சாய்தளமே போதும். கீசாவின் பழைய குவாரிக் குழிகளில் சுண்ணாம்புக்கல் சில்லும் களிமண்ணும் ஜிப்சமும் மலைமலையாகக் கொட்டிக் கிடப்பதைப் பிரித்தெடுத்த சாய்தளங்களின் எச்சமாகப் பார்க்கிறார்கள். கர்னாக் கோயிலின் முதல் கோபுரத்துக்குப் பின்னால் மண்செங்கல் சாய்தளத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலை முடிவதற்குள் நின்றுபோனது. பிரமிடின் கடைசிச் சில மீட்டர்களை எப்படி முடித்தார்கள் என்பதில்தான் உண்மையான விவாதம் நடக்கிறது.

நெம்புகோலுக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம். மென்கவுரே பிரமிடின் கிரானைட் கற்களில் செதுக்கி எடுக்காமல் விட்ட குமிழ்கள் நிற்கின்றன. கல்லை அதன் இடத்தில் நகர்த்தி உட்கார வைக்க நெம்புகோல் கொடுத்த பிடிகள் அவை என்கிறார்கள். கடப்பாரை போட்டுக் கல் புரட்டியவர்களுக்கு இது புரியும். ஒரு அங்குலம் நகர்த்தக் கடப்பாரைதான் சிறந்தது. அதே கடப்பாரையால் படிப்படியாக நூறு மீட்டர் தூக்க, ஒவ்வொரு நெம்பலுக்கும் அடியில் கட்டை அடுக்க வேண்டும், கட்டை ஒன்று நழுவினால் உயிர் போகும். 1990-களின் தொடக்கத்தில் கீசாவில் சிறிய பிரமிடு ஒன்றைக் கட்டிப் பார்த்த மார்க் லெஹ்னர் குழுவுக்கும் இதே அனுபவம்தான்.

இழுத்தவர்கள் யார்? இதற்கும் சான்று இருக்கிறது. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியேர் தாலே குழு எடுத்த பாப்பிரஸ் சுருள்களில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. அவர் கீழ் 40 பேர் அளவில் ஒரு குழு. தூரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் இறக்குவது அவர்கள் வேலை. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. எந்த நாள் கல் ஏற்றினார்கள், எந்த இரவு எங்கே தங்கினார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பிரமிடுகளுக்குள் வேலைக்குழுக்கள் கிறுக்கிய பெயர்களும் உண்டு. 'குஃபுவின் நண்பர்கள்' என்று ஒரு குழு, 'மென்கவுரேயின் குடிகாரர்கள்' என்று இன்னொன்று. 1990-இல் கீசாவில் ஒரு குதிரை கால் இடறியதால் வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளில், முதுகெலும்பு தேய்ந்த எலும்புக்கூடுகளும், முறிந்து சரியாகக் கட்டப்பட்டுக் கூடிய கைகால்களும் கிடைத்தன.

இந்தக் கல்லறைகளைக் காட்டி 'அவர்கள் அடிமைகள் இல்லை, பெருமையோடு உழைத்த சுதந்திர மனிதர்கள்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சவுக்கடி பட்ட லட்சம் அடிமைகள் என்ற பழைய படம் தவறுதான். ஆனால் அரசுக்கு முறை வைத்து ஆள் அனுப்பியே ஆகவேண்டிய ஏற்பாட்டைச் சுதந்திரம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ரொட்டியும் மருத்துவமும் கிடைத்தன, மறுக்கும் உரிமை கிடைக்கவில்லை. நம் மொழியில் இதற்கு வெட்டி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த மாணவரின் அடுத்த கேள்வி தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி இருந்தது. உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் சாய்தளம் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அந்த உச்சி ஒரே கல் அல்ல, பல துண்டுகளால் ஆனது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒரே கல் என்றே வைத்துக் கணக்குப் போட்டாலும் கதை இடிக்கிறது. ஆறு கிலோமீட்டரில் 60 மீட்டர் ஏறினால் நூற்றுக்கு ஒன்று சரிவு. அதற்கு ஏறக்குறைய 300 பேர் வேண்டும். அறுநூறு மீட்டர் சாய்தளத்தில் 530 பேர் போதும். உராய்வு எந்தச் சரிவிலும் குறையாது என்பதால், சாய்தளத்தைப் பத்து மடங்கு நீட்டினாலும் ஆள் பாதிகூடக் குறைவதில்லை.

1010-இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர்கள் இருக்கின்றன. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்கள், கல் இழுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை நமக்கு விட்டுவைக்கவில்லை. மெரெர் போல ஒருவர் இங்கே நாட்குறிப்பு எழுதியிருந்தால் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று பேசலாம். அது இல்லாமல் நாமே ஒரு பதிலை எழுதிக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை யாராவது 'கிரேன் இல்லாமல் எப்படி' என்று கேட்டால், கல்லின் எடையையும் பாதையின் சரிவையும் கேளுங்கள். ஆளுக்கு 30 கிலோ வைத்து வகுத்துப் பாருங்கள். வருகிற எண், மர்மம் என்று சொல்லி மறைக்கப்பட்ட மனிதர்களின் தலைக்கணக்கு.